பியூஸ் கட்டையும் கேட் வால்வும்

திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முற்றத்து அடிபம்பின் சத்தம் இன்னமும் காதில் இருக்கும். நாலு குடித்தனத்துக்கு ஒரு பம்பு, ஒரு கழிப்பறை, நடையில் ஒரு நாற்பது வாட் பல்பு. விடியற்காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, நம் முறை வரும்வரை பக்கத்துப் போர்ஷன் மாமியிடம் டிகிரி காபிக்கும் சிக்கரிக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு இனிமையானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு குழாய் வந்த பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் வாழலாம் என்பது தெரிந்தது.

அந்த வீடுகளில் எல்லாம் நடையின் ஓரத்தில் ஒரு மரப்பலகை இருக்கும். அதில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு பீங்கான் பியூஸ் கட்டை. வீட்டுக்காரருக்கு ஒரு குடித்தனத்தைப் பிடிக்காமல் போனால், அல்லது அதே போர்ஷனுக்கு வேறொருவர் கூடுதல் வாடகை தருவதாகச் சொல்லியிருந்தால், ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கட்டை பலகையிலிருந்து காணாமல் போய்விடும். தெருவே வெளிச்சமாக இருக்க, அந்த ஒரு போர்ஷனில் மட்டும் அரிக்கேன் விளக்கு எரியும். மற்ற குடித்தனக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். யாரும் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கமாட்டார்கள், அடுத்த கட்டை தங்களுடையதாக இருக்கலாம் அல்லவா?

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒரு மாமா குடியிருந்தார். அவருக்கு அது நடந்தபோது அவர் சத்தமே போடவில்லை. அதற்கு முந்தின மாதமே வீட்டுக்காரர் வாடகையைக் கையில் வாங்க மறுத்திருந்தார். வாங்காமல் விட்டு, பிறகு ‘வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார்’ என்று வழக்குப் போட்டுக் காலி செய்ய வைப்பது அக்காலத்தில் ஊரறிந்த வழி. மாமா அதைத் தெரிந்துகொண்டு மணியார்டரில் வாடகையை அனுப்பினார். ‘பெற மறுத்தார்’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்ததும் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அப்போது இருந்த 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தகுந்த காரணமில்லாமல் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி, கழிப்பறை போன்ற வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று அது சொன்னது. மாமா உயர்நீதிமன்ற வளாகத்தில் இருந்த சிறுவழக்குகள் நீதிமன்றத்துக்குப் போனார். சென்னையில் வாடகை வழக்குகளைக் கேட்டது அங்கேதான். விசாரணை முடியக் காத்திருக்காமல், அதற்கு முன்னாலேயே மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவை அந்தச் சட்டப்படி வாங்க முடிந்தது. உத்தரவின் நகல் வந்த அன்றே கட்டை பலகையில் ஏறிவிட்டது. மாடியில் வெளிச்சம் வந்ததும் மாமி ரேடியோவைப் போட்டாள். நாங்கள் எல்லோரும் படியில் உட்கார்ந்து கேட்டோம்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அதை நீக்கிவிட்டது. பியூஸ் கட்டைகளும் போய்விட்டன. ஆனால் சென்ற கோடையில் வேளச்சேரியில் குடியிருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டு, “மாமா, எங்க வீட்டுக்கு மட்டும் தண்ணி வரல, மொட்டை மாடியில வால்வை மூடிட்டாங்க” என்றபோது, இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரர்களின் கை எட்டும் இடம்தான் மாறியிருக்கிறது என்று பட்டது.

அவனுக்கு நான் முதலில் சொன்னது, ஏன் நின்றது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள் என்பதுதான். கட்டடம் முழுவதும் நின்றிருந்தால் அது மோட்டார் கோளாறாக இருக்கலாம். மின்சாரம் என்றால், மின்வாரியமே பில் கட்டாததால் துண்டித்திருக்கலாம். இணைப்பு எண்ணை வைத்து பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வீட்டுக்காரர் பெயரில் உள்ள பில்லை அவரே கட்டாமல் விட்டிருந்தால், அதை நாமே கட்டி ரசீதை வைத்துக்கொண்டால் அன்றே வெளிச்சம் வந்துவிடும். நம் பங்கை நாமே கட்டாமல் விட்டிருந்தால் புகார் நிற்காது. இவன் வீட்டில் மற்ற மூன்று தளங்களிலும் தண்ணீர் வந்தது, இவன் குழாயின் கேட் வால்வு மட்டும் மூடிப் பூட்டுப் போட்டிருந்தது. அதைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டான். வாடகையை வழக்கம்போல் வீட்டுக்காரரின் கணக்குக்கே அனுப்பினான். கோபத்தில் வாடகையை நிறுத்துவதுதான் இந்த நேரத்தில் குடியிருப்பவர் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம். அது எதிராளிக்குக் காலி செய்யச் சொல்லும் காரணத்தைக் கையில் கொடுத்துவிடும்.

புதிய சட்டத்தின் 20-ஆவது பிரிவு பழைய 17-இன் வாரிசு. வீட்டுக்காரரோ, அவர் சார்பில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரோ, வேறு ஆள் வைத்தோகூட, அத்தியாவசிய வசதியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அவர் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம், விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்கவேண்டும். ஆனால் மாமாவின் காலத்தில் இல்லாத ஒரு சங்கடம் இங்கே வருகிறது. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதை tenancy.tn.gov.in தளத்தின் வழியாகப் பதிவும் செய்யவேண்டும். வாய்ப்பேச்சில் குடிபோய் அப்படியே இருந்துவிட்டால், ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க இதே சட்டம் இடம் தருகிறது. மாமா ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருபது வருஷம் குடியிருந்தார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அக்கா மகனுக்கு நான் சிபாரிசு செய்வது பதிவு எண்ணைத்தான். நல்ல வேளையாக அவனிடம் அது இருந்தது. மனுவின் நகலை வீட்டுக்காரருக்கும் அனுப்பினான், விசாரணைத் தேதிக்கு முன்பே வால்வு திறந்தது.

பூட்டை மாற்றுவது இதைவிடக் கொடுமை. வேலைக்குப் போய்த் திரும்பினால் கதவில் வேறு பூட்டு. உள்ளே குழந்தையின் பாடப்புத்தகமும் அம்மாவின் மாத்திரையும். போலீஸ் நிலையத்தில் பல சமயம் ‘இது சிவில் விவகாரம்’ என்றுதான் சொல்வார்கள். அப்படியும் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். எந்தத் தேதியில் வெளியேற்றப்பட்டோம் என்பதற்கு அது சாட்சி. அந்தத் தேதி ஏன் முக்கியமென்றால், 1963-ஆம் வருஷத்துத் தனிப்பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அங்கே வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. இவர் அங்கே குடியிருந்தாரா, பலவந்தமாக வெளியே தள்ளப்பட்டாரா, அவ்வளவுதான். காஸ் பில், ஆதார் முகவரி, வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் அப்போது பேசும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. ஆறு மாதத்தைச் சமாதானப் பேச்சில் கழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், சமாதானம் பேசுகிறவர்களில் சிலர் அதற்காகவே பேசுகிறார்கள். பூட்டை நாமே உடைத்து உள்ளே போவது கூடாது. அது வாதியை ஒரே நாளில் பிரதிவாதியாக்கிவிடும்.

அக்கா மகன் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறான். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. முடிந்ததும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, லாரி அமர்த்தி, பகல் வெளிச்சத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்கிறான்.