ஓராண்டு முடித்த அண்ணன்

கல்லூரி இன்வெஸ்ட்மெண்ட் கிளப்புக்குப் பேச வாரன் பஃபெட் வரமாட்டார். அண்ணன் வருவார். படித்துக் கிளம்பி இரண்டு வருடம், ஐ.டி. வேலை, அதில் ஆப்ஷன் டிரேடிங் அனுபவம் முழுசாக ஒரு வருடம். 'முதல் வருடத்தைத் தாண்டுவது எப்படி?' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் செபியில பதிவு பண்ணின அட்வைசர் கிடையாது" என்று ஆரம்பித்து, மேற்கொண்டு ஒரு மணி நேரம் அட்வைஸ் மட்டுமே செய்வார்.

இரண்டாவது ஸ்லைடில் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு வரும். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஹாலில் நூறு பேர் இருந்தால் நூறு பேரும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். தான் போக மீதி ஆறு பேர் யாராக இருக்கும் என்ற யோசனைதான்.

அண்ணனைக் கேலி செய்தாலும் ஒரு விஷயத்தை அவர் போல யாரும் விளக்க முடியாது. பட்டவர் அல்லவா.

"நிஃப்டி 25,000-ல இருக்கு. புதன்கிழமை. ஏறும்னு எனக்குத் தோணுது. அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரிக்கு 25,200 கால் ஆப்ஷன் 75 ரூபாய்க்கு வாங்கறேன். அப்ப லாட் 75. ஆக 5,625 ரூபாய். செவ்வாய் காலையில நிஃப்டி 25,120. நான் சொன்ன மாதிரியே ஏறிடுச்சு! ஆனா என் ஆப்ஷன் 42 ரூபாய்ல நிக்குது."

முன்வரிசைப் பையன் ஒருவன் ஆப் ஹேங் ஆகிவிட்டதா என்று கேட்பான்.

"இல்லடா தம்பி. நான் கொடுத்த 75 ரூபாய்ல ஒரு பைசாகூட நிஃப்டிக்குக் கொடுத்ததில்ல. மொத்தமும் மிச்சமிருக்கிற நாளுக்குக் கொடுத்த காசு. நாள் கரைஞ்சா அதுவும் கரையும். அதுக்குப் பேர் தீட்டா. சனி, ஞாயிறு நாம தூங்கினாலும் அது தூங்காது. மூன்றரை மணிக்கு நிஃப்டி 25,180-ல முடிஞ்சுது. 180 பாயிண்ட் ஏத்தம். என் ஆப்ஷன் பூஜ்யம். எனக்குப் போட்ட காசு திரும்பணும்னா 25,275 தாண்டியிருக்கணும். வண்டி சரியான மண்டபத்துக்குத்தான் போச்சு. முகூர்த்தம் முடிஞ்ச பிறகு போச்சு."

கைதட்டல். இதோடு அவர் உட்கார்ந்திருந்தால் நல்ல பேச்சு. உட்கார மாட்டார். 42-ல் விற்றிருந்தால் 3,150 ரூபாயாவது தேறியிருக்கும் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டு, அந்த 42-க்கு இன்னும் இரண்டு லாட் வாங்கி 'ஆவரேஜ்' செய்த கதைக்கு வருவார். அவர் நஷ்டம் 5,625-லிருந்து 11,925 ஆன கதை அது. ஆனால் அவர் வாயில் அது "கன்விக்ஷன்" என்ற பெயரில் வரும்.

கமிஷன் கணக்கும் இப்படித்தான். வாங்க 20, விற்க 20, அதன்மேல் ஜி.எஸ்.டி., எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம் என்று ஒரு லாட் போய்வர 50 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். நாளுக்குப் பத்துத் தடவை உள்ளே வெளியே போனால் மாதத்துக்குப் பத்தாயிரம். அண்ணன் அதை "சின்ன லீக்கேஜ்" என்பார். அவர் காட்டும் பச்சை நிற ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தப் பத்தாயிரம் இருக்காது.

கேள்வி நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்திருப்பாள். எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தி உண்டு.

"அண்ணா, வருஷம் முழுக்கச் சேர்த்து மொத்தமா எவ்வளவு வந்துச்சு?"

"நல்ல கேள்விம்மா. முதல் வருஷத்துல லாபம் முக்கியமில்ல. சர்வைவ் ஆகணும்."

"எப்படி சர்வைவ் ஆனீங்க?"

அண்ணன் தண்ணீர் குடிப்பார். பிறகு ரிஸ்க் மேனேஜ்மெண்ட், சைக்காலஜி, டிசிப்ளின் என்று மூன்று வார்த்தைகள் வரும். உண்மையில் அவரைத் தாங்கியது நான்காவது வார்த்தை: சம்பளம். ஒன்றாம் தேதி வருகிறது, ஐந்தாம் தேதிக்குள் டிரேடிங் கணக்குக்குப் போகிறது. பணம் போட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் சாகாது. மாணவனுக்கு அந்த ஒன்றாம் தேதி கிடையாது. ஹாஸ்டல் ஃபீஸ்தான் உண்டு.

உங்கள் கல்லூரிக்கும் இவர் வருவார். மரியாதையாகச் சால்வை போர்த்துங்கள். தீட்டா பாடத்தைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் காட்டினால் மட்டும், கட்டணமெல்லாம் கழித்த வருடாந்திர டாக்ஸ் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். எஃப் அண்ட் ஓ வருமானம் வியாபாரக் கணக்கில் சேரும், ஐ.டி.ஆர்.-3 தாக்கல் செய்ய வேண்டும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை தூக்கிக்கொண்டு போகச் சட்டம் அனுமதிக்கிறது. அண்ணனுக்கு இன்னும் எட்டு வருடமும் முழுசாக இருக்கிறது.