எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பவர்

இணையக் கடைகளில் அடாப்டர் விற்போருள் ஒரு வகையினர், பொருள் விவரத்தில் "12 வோல்ட், எல்லா ரவுட்டருக்கும் பொருந்தும்" என எழுதியதும் தம் கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர். அடாப்டர் என்பது சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, கருவி தாங்கக்கூடிய குறைந்த வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியாகும். அதில் எந்த ஐயத்தை எழுப்பினாலும் இவரிடமிருந்து வரும் விடை ஒன்றுதான். பின் துளையின் விட்டம் 2.1 மில்லிமீட்டரா, 2.5 மில்லிமீட்டரா என்று கேட்டால், "பொருந்தும் சார்" என்பார். பின்னின் நடுவில் வருவது பாசிட்டிவா என்றால், "தாராளமாகப் பொருந்தும் சார்" என்பார். கேட்டவர் பெண்ணாக இருப்பினும் 'சார்' மாறுவதில்லை.

பின் எனப்படும் அந்த உருளை முனைதான் இவரது நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது. இரு வகைக்கும் வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டரே ஆதலால், படத்தில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. 2.1 துளையுள்ள பின், 2.5 ஊசியுள்ள ரவுட்டருக்குள் நுழையவே நுழையாது என்பதால், வாங்கியவர் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார். மாறாக, 2.5 துளையுள்ள பின் 2.1 ஊசியின்மேல் வழுவழுவென்று ஏறிவிடும். ஆனால் இறுகப் பற்றாது. விளக்கு எரியும், வயர் சற்று அசைந்தால் அணையும், ரவுட்டர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், வீட்டார் இணைய நிறுவனத்தை வைவர். முறையிட்டால் "பொருந்தியது அல்லவா?" என்று விற்றவர் வினவுவார், அதற்கு மறுமொழி கூறுவது கடினம்.

9 வோல்ட் ரவுட்டரிலும் இவருடைய 12 வோல்ட் பின் அழகாகவே ஏறக்கூடும்; அதன்பின் ரவுட்டர் பிழைப்பது அதன் உள்சுற்றின் தாங்குதிறனைப் பொறுத்தது. ஆம்பியரில் மட்டும் இவர் தற்செயலாக வெல்வதுண்டு. கருவி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே இழுத்துக்கொள்ளும் என்பதால், 12 வோல்ட், 1 ஆம்பியர் ரவுட்டருக்கு அதே வோல்ட்டில் 2 ஆம்பியர் அடாப்டர் தீங்கு செய்யாது.

அமெரிக்கத் தட்டைப் பிளக் கொண்ட பொருளுடன் ஒரு மாற்றுப் பிளக்கை இலவசமாக இணைத்து, "இந்தியாவுக்கும் பொருந்தும்" என்று எழுதுவது இவரது அடுத்த சாதனை. மாற்றுப் பிளக் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. பெட்டியில் `INPUT: 100-240V` என்றிருந்தால் அச்சமில்லை. `120V` என்று மட்டும் இருந்தால் இங்குப் புகைதான்.

இவர் ஏமாற்றுக்காரர் அல்லர். பொருளைக் கவனமாகப் பொதிந்து அனுப்புகிறார், திருப்பினால் முகம் சுளிக்காமல் ஏற்கிறார். ஆனால் வோல்ட், ஆம்பியர், முனைக்குறி ஆகியவை அடாப்டரின் முதுகில் அச்சிடப்பட்டிருக்க, எட்டுக் கோணங்களில் படமெடுத்தும் அந்த முதுகை மட்டும் விட்டுவிடுகிறார். பின்னின் அளவு அங்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனை விற்பவரே அளந்து எழுத வேண்டும். "உள்ளீடு 100–240 வோல்ட், வெளியீடு 12 வோல்ட், 1 ஆம்பியர், பின் 5.5 × 2.1 மி.மீ.; நடுவில் பாசிட்டிவ்" என்ற வரி இல்லாத அடாப்டரை வாங்காதீர்கள்.