காபித்தோட்டத்துக்கு எதிர்த்தாப்புல

மாப்ளே, நாளைக்கு வர்ற மதுரைக்காரருக்கு நீ எழுதி வச்சிருக்கிற கடுதாசியைப் படிச்சேன். தேதி, மணியெல்லாம் சுத்தம். வழிதான், "தாண்டிக்குடியில் ஆராய்ச்சி நிலையம் அருகே, காபித்தோட்டத்துக்கு எதிரே". ஏம்ப்பா, இந்த ஊர்ல காபித்தோட்டத்துக்கு எதிர்ல இல்லாதது எது? "பழைய டீக்கடை இருந்த இடத்தில் திரும்பவும்"னு வேற. இடிச்ச கடைய அவரு எந்தக் கண்ணாலய்யா பாப்பாரு?

ஆராய்ச்சி நிலையம்னு மொட்டையா போட்டிருக்கியே, அங்கதான் வினை. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறைன்னு ஏறி வர்றவருக்கு நமக்கு முன்னாடி தடியன்குடிசை வந்துரும். அங்கயும் ஒரு ஆராய்ச்சி நிலையம், வேளாண் பல்கலைக்கழகத்துது. நம்மூர்ல இருக்கிறது காபி வாரியத்துது. புது ஆளு காதுக்குத் தடியன்குடிசையும் தாண்டிக்குடியும் ஒண்ணுதான். போர்டைப் பாத்து வண்டிய உள்ள விட்டு, மிளகுக்கொடி ஆராயுற ஆபீசர்கிட்ட உன் கணக்குவழக்கைப் பேசிக்கிட்டு இருப்பாரு. "தடியன்குடிசையில் ஒரு நிலையம் வரும், அது இல்லை, மங்களங்கொம்பையும் தாண்டி வாருங்கள்"னு ஒரு வரி சேரு. எதைப் பாத்து நிக்கக்கூடாதுன்னு சொல்றதும் அடையாளம்தான்டா.

ராத்திரி கொடைக்கானல்ல தங்கிட்டு வந்தாருன்னா ஊத்து, பண்ணைக்காடு வழியா எதிர்த்திசையில இருந்து வருவாரு. உன் "வலப்பக்கம்" அவருக்கு இடப்பக்கம். எந்தப் பக்கமிருந்து வர்றாருன்னு கேட்டுட்டு எழுது.

மேப்பை அனுப்பியாச்சுன்னு பெருமைப்படாத. நடுமலையில சிக்னல் போயிரும். வழியை எழுத்துல இன்னிக்கே அனுப்பு, அவரு அடிவாரத்துலயே படிச்சுக்கிடட்டும். மலை உச்சி, தூரத்துக் கோபுரம்லாம் அடையாளம் சொல்லாத. மஞ்சு இறங்கிச்சுன்னா அதெல்லாம் லீவு. ரோட்டோரத்துல கைக்கெட்டுற தூரத்துல நிக்கிற கேட்டோட நிறத்தைச் சொல்லு.

காரை எங்க விடுறதுன்னு மூச்சே விடலையே? பஸ் திரும்புற இடத்துல விட்டாருன்னா டிரைவர் அடிக்கிற ஹாரன்ல உங்க மீட்டிங்கே கலைஞ்சிரும். களத்துல விடலாம்னா நாளைக்குக் காபி காயப் போடுறாங்க. "பச்சைக் கேட்டுக்குள் குடோன் சுவரை ஒட்டி நிறுத்தவும், சரிவு, கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கவும்"னு எழுது. கல்லை நீயே எடுத்து வச்சிரு, மதுரைக்காரரு டிக்கியில கல்லோடவா வருவாரு?

கடைசியில "வந்ததும் என்னைக் கேளுங்கள்"னு முடிச்சிருக்க. கேட்டுல இருக்கிற பெரியவருக்கு நீ "சின்னவரு". உன் பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாரு. கடுதாசியில ரெண்டு பேரையும் போடு. போறப்ப வர்றவரு பேரு, வண்டி நம்பர், வர்ற நேரம் மூணையும் சீட்டுல எழுதி அந்தப் பெரியவரு கையில குடு. அப்படியே எனக்கு ஒரு கட்டு வெத்தலை. கடை எங்கன்னு கேக்காத, காபித்தோட்டத்துக்கு எதிர்த்தாப்புலதான்.