வாலில் இருக்கிறது வம்பு

கேள்வி: லண்டனில் என் வீட்டுக்கு ஸ்பெயின்காரர் ஒருவர் குடிவருகிறார். ‘குடியிருப்பவர் ஐந்து வார வாடகையை முன்பணமாகச் செலுத்த வேண்டும்’ என்ற ஷரத்தை ஸ்பானிஷில் எழுதும்போது எதில் கவனம் தேவை?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: முதலில் வால்களில்! வீட்டுக்காரர் ‘அரெந்ததோர்’, குடியிருப்பவர் ‘அரெந்ததாரியோ’. வால் மாறினால் முன்பணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். ‘செலுத்த வேண்டும்’ என்பதற்கு ‘தெபெரா’ போடுங்கள். ‘போத்ரா’ என்றால் ‘செலுத்தலாம்’. வருகிறவருக்கு அதுதான் பிடிக்கும்.

முன்பணம் என்றதும் ‘ஃபியான்சா’ என்று கை போகும். ஸ்பெயினின் 1994 வாடகைச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டுக்கு ஃபியான்சா என்பது ஒரு மாத வாடகை. அந்த நினைப்பில் ஐந்து வாரத்தை ஒரு மாதமாக்கிவிடாதீர்கள். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இங்கிலாந்துச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே அந்த ஐந்து வாரம்தான். ஆகவே ‘தெபோசிதோ’ என்று எழுதி, தொடக்கத்திலேயே அதன் பொருளை வரையறுத்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் வாத்தியார் கோபிப்பார்; ஒப்பந்தத்தில் சொல் மாறினால், ‘இது வேறு பணமா?’ என்று வக்கீல் மகிழ்வார்.