முப்பத்தெட்டாவது படம்

1970களில் ஹட்டனில் ஒரு சிறிய அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவனாக இருந்தேன். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் எங்களிடம் இருந்தது. ஒரு தடவைக்கு நான்கு பக்கம் அடிக்கும். எட்டுப் பக்கம் ஒரு தாள். தாளின் ஒரு புறம் 1, 4, 5, 8. மறுபுறம் 2, 3, 6, 7. இரும்புச் சட்டத்துக்குள் 1ஆம் பக்கத்துக்கு அருகில் 8 இருக்கும், 4க்கு அருகில் 5 இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் திகைத்துப்போவார்கள். அருகருகே உள்ள இரண்டு எண்களையும் கூட்டினால் 9 வர வேண்டும் என்று மேசைக்காரர் சொல்லித் தருவார். தாளை மடித்துத் தைத்த பிறகுதான் 1, 2, 3 என்று வரிசை பிறக்கும். அதுவரை பக்கங்களைக் காப்பது அவற்றின் அடியில் இருக்கும் எண் மட்டுமே.

இப்போது கொட்டகலை வீட்டில் உட்கார்ந்து, கைபேசியில் எடுத்த பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். அவை ஒரு நாற்பது பக்கப் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள். தோட்டப் பக்கங்களில் இத்தகைய சிறு நூல்கள் ஒரு காலத்தில் நிறையப் புழங்கின. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை எழுதிய பாட்டுகளும் இப்படிச் சிறு நூல்களாகத்தான் தொழிலாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. லயத்துக் காம்பராவில் கூரை ஒழுக்கும் அடுப்புப் புகையும் படாமல் தப்பிய பிரதிகள் குறைவு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. கப்பலேறியவர்களின் தகரப்பெட்டிகளில் சில புத்தகங்களும் கடல் தாண்டின. என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு கூடலூருக்குப் போனபோது கொண்டுபோன பெட்டியில்தான் இந்தப் புத்தகம் இருந்தது. அவருடைய மகள் படமெடுத்து அனுப்பினாள். மொத்தம் 37 படம்.

படங்களைத் திறந்தேன். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைப் பக்கங்களாகவே வந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாவது படத்தில் திடீரென்று பக்கம் 40. அதன்பின் 38, 36 என்று இறங்கி 2இல் முடிந்தது. போனில் கேட்டேன். "சித்தப்பா, வலப்பக்கமா இருக்கறத எல்லாம் முதல்ல எடுத்துட்டேன். அப்புறம் புத்தகத்தைத் திருப்பி வெச்சு, பின்னாடியிருந்து இடப்பக்கத்தை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தை மாத்த வேண்டாம்ல" என்றாள். நல்ல யோசனை. நைந்த முதுகுள்ள புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டாமல் எடுக்க அதுதான் வழி.

இனி பக்க எண்படி அடுக்கிவிட்டுத் தட்டச்சு செய்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். நான் அடுக்குவதில்லை. வந்த வரிசையிலேயே படம் 01, 02 என்று தலைப்பிட்டு, அந்தப் படத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை அருகில் எழுதுகிறேன். ஒற்றை இலக்கத்துக்கு முன் சுழியம் போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் சில கணினிகள் 1க்குப் பின் 10ஐக் கொண்டுவந்து நிறுத்தும். முதல் படம் முகப்பு. அதில் எண் இல்லை. ஆகவே 'அச்சில் எண் இல்லை' என்று எழுதினேன். அது 1தான் என்று யாருக்கும் தெரியும். ஆனாலும் தாளில் இல்லாததைத் தாளில் இருப்பதாக எழுதக் கூடாது.

ஏழாவது படத்தில் 13 வர வேண்டும், வந்தது 15. பன்னிரண்டாவது படத்தில் 25 வர வேண்டும், வந்தது 27. இரண்டும் ஒரே மாதிரி விடுபட்டவைபோலத் தெரியும். இரட்டைப்படை வரிசை இறங்கி வரும்போதுதான் வேறுபாடு புரிந்தது. 14 இருக்கிறது, 26 இல்லை. 13இன் பின்புறம்தான் 14. பின்புறம் படத்தில் இருந்தால் ஏடு புத்தகத்தில் இருக்கிறது, முன்புறத்தை எடுக்கத்தான் தவறியிருக்கிறது. 25, 26 இரண்டும் இல்லையென்றால் ஏடே போயிருக்க வேண்டும்.

அச்சகக் கணக்கு இங்கே கைகொடுத்தது. 25 முதல் 32 வரை நான்காவது தாள். 25இன் ஜோடி 32, 26இன் ஜோடி 31, கூட்டினால் 57. அதாவது 25-26 ஏடும் 31-32 ஏடும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதிகள். ஒன்று கிழிந்துபோனால் மற்றொன்று நூலில் நிற்காமல் தளரும். பதினான்காவது படத்தில் பக்கம் 31 மற்றவற்றைவிடச் சற்று வெளியே நீண்டு சாய்ந்திருக்கிறது. அச்சகம் விட்டுவிட்ட பக்கமாக இருந்தால் இப்படி இராது. தைத்த பிறகு கிழிந்த ஏடு அது.

பக்க எண்படி அடுக்கி ஒரே பாட்டாகச் சேர்த்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய சேதம் பெரிது. பக்கம் 24 ஒரு கும்மியின் நடுவில் முடிகிறது. பக்கம் 27 இன்னொரு கும்மியின் நடுவில் தொடங்குகிறது. மெட்டு ஒன்று, சந்தம் ஒன்று. இரண்டையும் ஒட்டிவிட்டால் படிப்பவருக்குத் தையல் தெரியாது. பாட்டு முழுசாக இருப்பதாகவே தோன்றும். நாளை ஒருவர் அதையே மலையகப் பாட்டு என்று தொகுப்பில் சேர்ப்பார். ஆகவே பக்கம் எங்கே முடிகிறதோ அங்கே நான் வரியை நிறுத்துகிறேன். அரைச் சொல்லில் முடிந்தாலும் அரைச் சொல்லாகவே விடுகிறேன்.

இருபத்திரண்டாவது படம் இன்னொரு சிக்கல். 36க்கும் 32க்கும் நடுவே 43 என்று அச்சாகியிருந்தது. நாற்பது பக்கப் புத்தகத்தில் 43ஆம் பக்கம் ஏது? எழுத்துக் கோர்த்தவர் 3, 4 இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். எண்ணை நம்பி அடுக்கியிருந்தால் அந்தப் பக்கம் புத்தகத்தின் கடைசிக்குப் போயிருக்கும். வந்த வரிசை அப்படியே இருந்ததால் அது 34 என்பதற்குச் சாட்சி இருபுறமும் நிற்கிறது. இப்படிக் குறித்தேன்:

```
[படம் 22 | அச்சில் 43 | 34 ஆகலாம்]
```

திருத்திவிட்டு 34 என்று மட்டும் எழுதவில்லை. ஐயத்தோடு சரிபார்க்க வருகிறவர் 22ஆம் படத்தைத் திறந்தால், நான் எழுதியதும் அங்கே உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விடுபட்ட 13ஐ மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன், அன்றிரவே வந்தது. அதை ஏழாவது இடத்தில் நுழைத்தால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போகும், ஏற்கெனவே எழுதிய குறிப்புகள் எல்லாம் பொய்யாகும். ஆகவே அது 38ஆவது படமாகவே கடைசியில் இருக்கிறது. அருகில் 'அச்சில் 13' என்ற குறிப்பு. படிப்பதற்கான சரியான வரிசையை ஒரு தனிப் பட்டியலாக முன்னால் வைத்தேன். தட்டச்சுப் பிரதியில் கை வைக்கவில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற இணைய நூலகங்களில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கின்றன. தோட்டத்துச் சிறு வெளியீடுகள் இன்னும் வீடுகளில்தான் கிடக்கின்றன. கொட்டகலையிலோ கூடலூரிலோ கோத்தகிரியிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வரிசையில் எடுத்தாலும் பரவாயில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணை மட்டும் வெட்டிவிடாதீர்கள், வந்த படங்களை நீங்களாக அடுக்கவும் வேண்டாம். இந்தப் பாட்டுப் புத்தகத்தின் 25, 26ஆம் பக்கங்கள் இன்னும் கிடைக்கவில்லை.