படர்க்கையில் ஒரு பொறியாளர்

டீம் மீட்டிங்கில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால் பெயரைக்கூடப் பாதி விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிற பையன்தான். ஆனால் மாநாட்டு விண்ணப்பத்தில் 'பேச்சாளர் குறிப்பு: படர்க்கையில், 500 எழுத்துக்குள்' என்ற கட்டத்தைக் கண்டதும் ஆளே மாறிவிடுகிறான். புகழ்வது யாரோ, புகழப்படுவது யாரோ என்றான பிறகு கூச்சம் எதற்கு?

முதல் வரைவில் கட்சிக் கூட்ட வரவேற்புரையின் வாடை தூக்கலாக இருக்கும். 'தொழில்நுட்பத்தின் மீது தீராத வேட்கை கொண்டவர்' என்று தொடங்கி, பைத்தான், டாக்கர், குபர்நெட்டீஸ் என்று தொட்டது, பார்த்தது, கேள்விப்பட்டது எல்லாம் வரிசை கட்டும். 'ஐந்தாண்டு அனுபவம்' என்பதில் இரண்டாண்டு கல்லூரி புராஜெக்ட். முத்தாய்ப்பாக, 'ஓய்வு நேரங்களில் மலையேறுவார்'. ஏறியது பரங்கிமலை. அதுவும் பைக்கில்.

மொத்தம் 2,000 எழுத்து. சுருக்கும் வேலை கமாக்களை எடுப்பதில் ஆரம்பிக்கிறது. அப்புறம் '-உம்' எல்லாம் போகும். வேட்கை மட்டும் போகாது.

கடைசியில் ஏற்கெனவே நாலு மேடை ஏறிய சீனியர் அக்காவிடம் காட்டுகிறான். அவர் பட்டியலில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, "இதுல கேள்வி கேட்டா பதில் சொல்லுவியா?" என்கிறார். இரண்டுதான் மிஞ்சுகின்றன. வாடிக்கையாளர் வங்கியின் பெயரையும் அடிக்கிறார். கம்பெனி அனுமதி இல்லாமல் அதைப் போட முடியாது. "சரி, இந்தத் தலைப்புல நீ ஏன் பேசணும்?"

"அது ஒண்ணும் பெருசா இல்லக்கா" என்று இழுக்கிறான். பணம் கட்டும்போது நெட் திணறினால் ஆப் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். சர்வர் அதைப் புதுசு என்று நினைத்து இன்னொரு முறை பணம் பிடித்துவிடும். இவன் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தான். அதே எண் திரும்பி வந்தால் பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே அனுப்பும்படி எழுதினான். புகார் நின்றது. இதைப் பற்றித்தான் பேசப்போகிறான். குறிப்பில் மட்டும் இது ஒரு வரிகூட இல்லை!

அக்கா எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: 'சென்னையில் ஆன்லைன் கட்டணச் சேவை ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பொறியாளர். ஒரே கட்டணம் இருமுறை பிடிக்கப்படுவதைத் தடுக்கும் பகுதியை எழுதியவர். அதில் எங்கெங்கே சறுக்கினார் என்பதையும் இன்று சொல்லப்போகிறார்.' தொகுப்பாளர் சத்தம் போட்டு வாசித்தாலும் மூச்சு வாங்காது.

பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தான்; இன்னும் இடம் இருந்தது. அக்கா காபிக்குப் போனதும் மலையேற்றத்தைச் சேர்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனான். அங்கே புகைப்படம் கேட்டார்கள். சித்தி பெண் கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஏற்றினான். தோளில் கிடக்கும் கை யாருடையது என்று மாநாட்டுக்குழு இன்னும் கேட்கவில்லை.