அட்டையை எண்ணாதீர்கள், நாளை எண்ணுங்கள்

கே: அப்பாவுக்குத் தினமும் நாலு வகை மாத்திரை. டாக்டர் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று தீர்ந்துபோகிறது. பேசாமல் மெடிக்கல் ஷாப் மாடியிலேயே குடிபோய்விடலாமா?
(வாசகி, கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்)

ப: அவ்வளவு தூரம் போக வேண்டாம். அப்பா மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. அட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய பில்லையே பாருங்கள். மெட்ஃபார்மின் அட்டையில் 20 மாத்திரை. டெல்மிசார்டன், அட்டார்வாஸ்டாடின் இரண்டிலும் 15. ஆஸ்பிரினில் 14. கம்பெனி மாறினால் இந்த எண்ணிக்கையும் மாறும். மெட்ஃபார்மின் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பதால் ஓர் அட்டை பத்தே நாளுக்குத்தான் வரும். மற்றவை தினம் ஒன்று என்பதால் 14, 15 நாள் வரும். நாலையும் ஒரே நாளில் வாங்கினாலும் மூன்று வெவ்வேறு நாளில்தான் தீரும்.

ஆகவே “ரெண்டு அட்டை இருக்குது” என்று அப்பா சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. “எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேளுங்கள். கையில் இருக்கும் மாத்திரையை ஒரு நாளைக்கு விழுங்கும் எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும்.

கே: சரி, நாளை எண்ணிவிட்டேன். சீட்டில் எழுதியதில் இன்னும் எவ்வளவு வாங்க வேண்டியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(அதே வாசகி)

ப: இரண்டும் தனித்தனிக் கணக்கு. பல வீடுகளில் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புவதால் தெளிவாகவே பிரித்துப் பார்த்துவிடுவோம். ஒன்று, எது முதலில் தீரும்? இன்னொன்று, சீட்டில் எது எவ்வளவு பாக்கி?

உங்கள் சீட்டு ஜூன் 1-இல் தொடங்கி 90 நாளுக்கு. அதாவது ஆகஸ்ட் 29 இரவோடு முடிகிறது. ஜூலை 10 இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணுகிறீர்கள் என்று வையுங்கள். அன்றோடு 40 நாள் கழிந்திருக்கும்.

மெட்ஃபார்மின் மொத்தம் 180 வேண்டும். இதுவரை வாங்கியது ஐந்து அட்டை, 100 மாத்திரை. விழுங்கியது 80, கையில் 20, பத்து நாளுக்கு வரும். சீட்டில் பாக்கி 80. அட்டார்வாஸ்டாடின் மொத்தம் 90. வாங்கியது மூன்று அட்டை, 45. விழுங்கியது 40, கையில் ஐந்து. பாக்கி 45. டெல்மிசார்டன் நாலு அட்டை வாங்கியாகிவிட்டது, கையில் 20, பாக்கி 30. ஆஸ்பிரினும் நாலு அட்டை, 56. கையில் 16, பாக்கி 34.

பாக்கி அதிகம் மெட்ஃபார்மினில்தான். ஆனால் அவசரம் அதற்கில்லை, ஐந்து நாளில் தீரப்போகும் அட்டார்வாஸ்டாடினுக்கு. பாக்கியை மட்டும் பார்த்திருந்தால் மெட்ஃபார்மினை அள்ளிக்கொண்டு வந்திருப்பீர்கள். அடுத்த வாரம் கொழுப்பு மாத்திரைக்காக மறுபடி ஒரு நடை.

ஆஸ்பிரினில் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. 34 வேண்டும், இரண்டு அட்டை வாங்கினால் 28தான். ஆறு மாத்திரையை வெட்டித் தரச் சொல்லலாம். வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட முனை எந்தத் துண்டில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான அட்டைகளில் அது ஒரு முனையில் மட்டும்தான் இருக்கும். அது கடையிலேயே தங்கிவிட்டால் உங்கள் கையில் இருப்பது ஊர் பேர் தெரியாத மாத்திரை. பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தால் அந்தப் பில்லையே துண்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். வீட்டில் மாத்திரை எடுக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள்.

கே: நீங்கள் சொன்னபடி எண்ணினேன். அட்டார்வாஸ்டாடின் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருக்கிறது. லாபம்தானே?
(மறுபடியும் அதே வாசகி, விடமாட்டார் போலிருக்கிறது, நல்லது)

ப: நாலு இரவு அப்பா மாத்திரை போடாமலே தூங்கியிருக்கிறார். இந்தக் கணக்கில் மிச்சம் என்பது தவறிய வேளை. குறைவாக இருந்தால் ஒரே வேளையை இரண்டு முறை போட்டிருக்கலாம், அல்லது அட்டையின் ஒரு துண்டு சட்டைப் பையிலோ ஊருக்குப் போன பையிலோ இருக்கலாம். முதலில் பைகளைத் தேடுங்கள், அப்புறம் அப்பாவைக் கேளுங்கள்.

அதட்டிக் கேட்காதீர்கள். அதட்டினால் அடுத்த மாதம் எண்ணிக்கை சரியாக இருக்கும், மாத்திரை மட்டும் குப்பைக் கூடையில் இருக்கும். நாலு வேளை தவறியதை அப்படியே சீட்டின் பின்னால் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு இது தெரியாவிட்டால், ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறையவில்லையே என்று மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவார். இரவில் சீக்கிரம் தூங்கிவிடுகிறார் என்று சொன்னால் வேளையை மாற்றித் தரலாமா என்று யோசிப்பார். விட்டுப்போனதை ஈடுகட்ட மறுநாள் இரண்டாகப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

கே: நான் திருப்பதியில் வேலை பார்க்கிறேன், அம்மா சித்தூரில் தனியாக இருக்கிறார். 70 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு எப்படி எண்ணுவது?
(வாசகர், கொர்லகுண்டா, திருப்பதி)

ப: மாதத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என்.டி.ஆர். பரோசா பென்ஷன் வருமானால் அதைவிட நல்ல நாள் கிடையாது. மாதம் பிறந்ததும் பணம் வீடு தேடி வருகிறது, மறக்கவே மறக்காது. பென்ஷன் வாங்கிய கையோடு எல்லா அட்டைகளையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அட்டையைக் குப்புறப் போட்டுப் படம் எடுக்க வேண்டும். முன்பக்கம் மேடாக இருப்பதால் காலியான குழியும் நிறைந்த மாதிரியே தெரியும். பின்பக்கத் தாள் கிழிந்த இடம் பொய் சொல்லாது. தைராய்டு மாத்திரை மாதிரி டப்பாவில் வருவதை ஒரு தட்டில் கொட்டி, பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணச் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மருந்து மிச்சம் இருந்தாலும், திறந்து சுமார் நாலு வாரம் ஆனால் புதுக் குப்பிக்கு மாற வேண்டும். சரியான கெடு அதன் உறைத் தாளில் இருக்கும்.

படம் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் நாளைக் கணக்குப் போடுங்கள். ஏழு நாளுக்குக் குறைவாக இருப்பதை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கடையில் இல்லாமல் வரவழைக்க இரண்டு நாள் ஆகும், நடுவில் ஞாயிறு வரும், உங்கள் ஊரில் கங்கம்மா ஜாத்திரை வாரமும் பிரம்மோற்சவ நெரிசலும் வரும். இதையெல்லாம் தாங்கத்தான் அந்த ஏழு நாள்.

கே: பழைய அட்டையைக் காட்டினால் கடைக்காரர் கொடுத்துவிடுகிறாரே, சீட்டு எதற்கு?
(வாசகர், நகரி)

ப: அட்டைக்கு டாக்டர் மனசு மாறியது தெரியாது. தைராய்டு மாத்திரையில் 25, 50, 75, 100 என்று பல அளவு உண்டு. டப்பாக்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். போன மாதம் டாக்டர் 50-ஐ 75 ஆக்கியிருப்பார். நீங்கள் 50 டப்பாவைக் காட்டி இன்னொரு 50 வாங்கிவருவீர்கள். கணக்குப்படி கையிருப்பு நிறைய இருக்கும். உண்மையில் 75 ஒன்றுகூட வாங்கியிருக்க மாட்டீர்கள், முழுதும் பாக்கி. அளவு மாறிய அன்றே பழைய டப்பாவைத் தனியே எடுத்துவிட்டு, புதிய அளவுக்குச் சுழியத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

சட்டமும் சீட்டின் பக்கம்தான். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதிப்படி, மறுபடியும் தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து தரக் கூடாது. கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே குறிக்கவும் வேண்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது “மூன்று மாதத்துக்கு, மாதாமாதம் வாங்கலாம்” என்று எழுதித் தரக் கேளுங்கள். கடையில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள், எத்தனை அட்டை என்பதை நீங்களே பக்கத்தில் எழுதுங்கள். வேறு நோட்டே தேவையில்லை. அல்ப்ராசோலம் போன்ற மருந்துகளுக்குக் கடையில் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதால் புதுச் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

கே: மாமியாருக்கு வேலூரில் ஒரு டாக்டர், திருப்பதியில் ஒரு டாக்டர். இரண்டு சீட்டு. எதை வைத்துக் கணக்குப் போட?
(வாசகி, புத்தூர்)

ப: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், இரண்டு டாக்டரும் ஒரே மருந்தை வேறு வேறு கம்பெனியில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரத்த அழுத்த மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையும் உண்டு, அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டையும் வாங்குவதற்கு முன் அன்றே ஒரு டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மருந்துப் பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால் ஜன் ஔஷதி கடையிலும் கேட்டு வாங்கலாம்.

கே: ஒருநாள் மாத்திரை இல்லாவிட்டால் குடியா முழுகிப்போகும்?
(வாசகர், குப்பம்)

ப: கொழுப்பு மாத்திரை ஒருநாள் விட்டால் முழுகாது. ஆனால் வலிப்பு மருந்து, இன்சுலின், நெடுநாள் சாப்பிடும் ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் வகை, ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல், இவற்றைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. சீட்டில் இவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த மருந்துக்கு ஏழு நாள் போதாது, பதினைந்து நாள் கையிருப்பு வேண்டும்.

கே: எனக்கு 71 வயது. மகள் மாதாமாதம் என் மாத்திரையை எண்ணுகிறாள். திருடனைச் சோதனை போடுவது மாதிரி இருக்கிறது.
(வாசகர், காட்டமஞ்சி, சித்தூர்)

ப: உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. மகளுக்கு ஒரு வார்த்தை: அம்மா, எண்ணும் வேலையை அப்பாவிடமே விடுங்கள். அவர் எண்ணிச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஐயா, உங்களுக்கும் ஒன்று: விட்டுப்போன வேளையை மறைக்காமல் சொல்லுங்கள். வருகிற 1-ஆம் தேதி இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு எப்படி வந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.